கேள்வி நேரத்துக்கு ஒரு தாள்

(உயர்தர வர்த்தகப் பிரிவு மாணவியருக்கான தொழில் வழிகாட்டல் அமர்வில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



புதுத் தொழிலுக்கு முதலீடு கேட்டுப் போகிறவர்கள் பத்து நிமிடப் பேச்சைப் பல நாள் ஒத்திகை பார்ப்பார்கள். அதற்குப் பின் வரும் கேள்விகளுக்கு ஒத்திகை இல்லை. ஆனால் முடிவு பெரும்பாலும் அங்கேதான் தங்கியிருக்கிறது. அவற்றில் கடினமான ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: "ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க உங்களுக்கு எவ்வளவு செலவு?"

ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். கந்தோர்களுக்கு மதியச் சாப்பாடு அனுப்பும் தொழில். மாதச் சந்தா 11,000 ரூபாய். சாமான், சமையற்கூலி, பொதி, கொண்டுபோய்க் கொடுக்கும் கூலி எல்லாம் போக 500 ரூபாய் மிஞ்சுகிறது. தை மாதத்தில் முகநூல் விளம்பரத்துக்கு 90,000 ரூபாய் போனது; 100 பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். "ஆளுக்கு 900 ரூபாய்" என்று சொல்லத் தோன்றும். விளம்பர வேலைக்கென்றே வைத்திருக்கும் பிள்ளையின் சம்பளம் 60,000 எங்கே? அதையும் சேர்த்தால் 1,500. கேட்பவருக்கு இது தெரியும். நீங்கள் சேர்க்கிறீர்களா என்றுதான் பார்ப்பார்.

1,500 ரூபாயை மாதம் 500 ரூபாயாக மூன்று மாதத்தில் மீட்டுவிடலாம் என்பீர்கள். உடனே அடுத்த கேள்வி வரும்: "தையில் சேர்ந்த 100 பேரில் இப்போது எத்தனை பேர்?"

மாசியில் 70, பங்குனியில் 50, சித்திரையில் 40 என்று வையுங்கள். நான்கு மாதமும் சேர்த்து மிஞ்சியது 1,30,000 ரூபாய்தான், செலவழித்ததோ 1,50,000. அந்த 40 பேரும் வைகாசியிலும் நின்றால்தான் போட்ட காசு திரும்பும். மூன்று மாதம் ஐந்து மாதமாகிவிட்டது. மொத்த வாடிக்கையாளர் தொகையை மட்டும் பார்த்தால் இது தெரியாது. புதியவர்கள் சேரச் சேர அந்தத் தொகை ஏறிக்கொண்டே இருக்கும்.

ஆகவே சேர்ந்த மாதவாரியாக ஒரு தாளில் அட்டவணை போடுங்கள். ஒவ்வொரு மாதமும் சேர்ந்தவர்கள் ஒரு வரிசை. அடுத்தடுத்த மாதங்களில் எத்தனை பேர் நின்றார்கள் என்பது குறுக்கே. விளம்பரம் பார்த்து வந்தவர்களையும் சிநேகிதர் சொல்லி வந்தவர்களையும் பிரித்து எழுதுங்கள். இரண்டையும் கலந்தால் செலவு குறைவாகத் தெரியும். முதலீட்டுக் காசு விளம்பரத்துக்குப் போகும்போதுதான் உண்மை வெளிவரும். விலகியவர்களுக்குத் தொலைபேசி எடுத்துக் காரணமும் கேட்டு வையுங்கள். அலுவலக மாற்றத்தால் போனவர் வேறு, ஒரே கறி அலுத்துப் போனவர் வேறு. இரண்டாமவரை நிறுத்த வழி உண்டு.

பதில் சொல்லும்போது தொகையை முதலில் சொல்லுங்கள், பிறகு அதில் எவை அடங்கும் என்று. "நல்ல கேள்வி" என்று தொடங்கிச் சுற்றி வளைத்தால் அவர் அதே கேள்வியை மறுபடி கேட்பார், இம்முறை குரல் கொஞ்சம் மாறியிருக்கும். இந்தத் தாளைப் பேச்சுக்குள் காட்டவேண்டாம். கடைசிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்து, கேட்டவுடன் எடுங்கள்.