வொர்க்கர் உயிரோட இருக்கான்னு க்யூவுக்கு எப்படித் தெரியும்?

ஒரு வீடியோவை கன்வர்ட் பண்ண 20 நிமிஷம் ஆகுதுன்னு வைங்க. அந்த வேலையை எடுத்த வொர்க்கர் இன்னும் ஓடிட்டு இருக்கா, இல்ல க்ராஷ் ஆயிடுச்சா? இதை க்யூ எப்படித் தெரிஞ்சுக்கும்? இன்னைக்கு அதைத்தான் பேசப் போறோம்.

அமேசான் எஸ்.க்யூ.எஸ்ஸையே எடுத்துக்குவோம். ஒரு வொர்க்கர் மெசேஜை எடுத்தா, அது க்யூவுல இருந்து அழியாது. கொஞ்ச நேரம் மத்த வொர்க்கர் கண்ணுல படாம இருக்கும், அவ்வளவுதான். இதுதான் லீஸ். நாம எதுவும் மாத்தலைன்னா 30 விநாடி. அதுக்குள்ள வேலையை முடிச்சு மெசேஜை டெலீட் பண்ணலைன்னா, அது திரும்ப வெளியே வந்து இன்னொரு வொர்க்கர்கிட்ட போயிடும். ஒரே வீடியோ ரெண்டு தடவை ஓடும், கஸ்டமருக்கு ரெண்டு மெயில் போகும். லாக்ல எரரே இருக்காது. மெசேஜோட `ApproximateReceiveCount` 1-ஐத் தாண்டுதான்னு பார்த்தா குட்டு வெளிப்படும்.

லீஸை ஒரு மணி நேரமா வெச்சுடலாமேன்னு தோணும். ஆனா வொர்க்கர் 2வது நிமிஷத்துல செத்துட்டா, மீதி 58 நிமிஷமும் அந்த வேலை அநாதையா கிடக்கும்.

அதனால லீஸை 60 விநாடியா வெச்சு, 20 விநாடிக்கு ஒரு தடவை `ChangeMessageVisibility` கூப்பிட்டுப் புதுப்பிக்கணும். இதுதான் ஹார்ட்பீட். ஒரு கால் சொதப்பினாலும் அடுத்ததுக்கு நேரம் இருக்கும். புது 60 விநாடி, கூப்பிட்ட நேரத்துல இருந்து எண்ணப்படும், மிச்சத்தோட கூட்டப்படாது. எவ்வளவு புதுப்பிச்சாலும், மெசேஜை எடுத்ததுல இருந்து 12 மணி நேரம்தான் உச்சவரம்பு.

இதுல ரெண்டு சிக்கல் இருக்கு. ஹார்ட்பீட் தனி த்ரெட்ல ஓடும். மெயின் வேலை மாட்டிக்கிட்டு நின்னாலும், அது பாட்டுக்கு துடிச்சுட்டே இருக்கும். அதனால கடைசி 2 நிமிஷத்துல வீடியோ ஃப்ரேம் எதாவது நகர்ந்திருந்தா மட்டும் புதுப்பிக்கணும்.

இன்னொண்ணு, மெஷினே 90 விநாடி உறைஞ்சு போகலாம். ஹார்ட்பீட்டும் சேர்ந்து உறையும். லீஸ் முடிஞ்சு வேலை இன்னொரு வொர்க்கருக்குப் போயிருக்கும். முழிச்சு எழுந்த பழைய வொர்க்கருக்கு அது தெரியாது, தன் வேலையைத் தொடரும். இதை ஹார்ட்பீட்டால தடுக்க முடியாது. அதனால யார் வேலையை எடுத்தாலும், டேட்டாபேஸ்ல `attempt` எண்ணை ஒண்ணு கூட்டி, அந்த எண்ணைக் கையில வெச்சுக்கணும். முடிக்கும்போது அதையே காட்டணும்:

```sql
UPDATE jobs SET status = 'done'
WHERE id = 42 AND attempt = 1;
```

புது வொர்க்கர் அதை 2 ஆக்கியிருந்தா, பழைய வொர்க்கருக்கு 0 வரிசைதான் மாறும். அப்போ மெயில் அனுப்பாம அமைதியா விலகிடணும். ஹார்ட்பீட் டபுள் வேலையைக் குறைக்கும். கடைசிக் கதவைப் பூட்டுறது இந்த `WHERE`தான்.