எண்ணும் அதன் துணையும்



பெங்களூரில் தமிழ் பேசும் பெண்கள் பலர் இருக்கிறார்கள். கட்டட வேலை, வீட்டு வேலை, தையல் ஆலை வேலை என்று காலையில் கிளம்பிவிடுகிறார்கள். சிலர் மாலையில் படிப்பு வட்டத்தில் கூடித் தமிழ் படிக்கிறார்கள். ஆனால் தெருவில் இறங்கினால் பேருந்துப் பலகை கன்னடத்தில் இருக்கிறது. மருந்து அட்டை ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழ் எழுத்தை அங்கே காண்பது அரிது. எண்கள் மட்டும் பழகியவையாக இருக்கின்றன.

அதனால் இன்றைய பாடம் எண்ணில் தொடங்குகிறது. எண்ணை வாசித்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக எழுதியிருப்பதில் இருக்கிறது.

முதலில் பேருந்து. ஹெப்பாளத்திலிருந்து சில்க் போர்டு போகும் பேருந்தின் எண் 500-டி. 500 என்று தொடங்கும் பேருந்துகள் வேறு பலவும் அந்த ஊரில் ஓடுகின்றன. ஒவ்வொன்றின் வாலிலும் வேறு எழுத்து இருக்கும். போகும் வழியும் வேறு. 500 என்பதை மட்டும் பார்த்து ஏறியவர் வேறு எங்கோ போய் இறங்குவார். 2023 ஜூனிலிருந்து கர்நாடகத்தில் உள்ளூர்ப் பெண்களுக்குச் சாதாரண அரசுப் பேருந்தில் கட்டணம் இல்லை. அதனால் காசு போகாது. ஆனால் வேலைக்குப் போகும் நேரம் போய்விடும். தினமும் போகும் பேருந்தின் எண்ணையும் வால் எழுத்தையும் சேர்த்து நோட்டில் படம் போல வரைந்து வைத்துக்கொள்வது நல்லது. எழுத்தின் பெயர் தெரியாவிட்டாலும் அதன் உருவம் தெரிந்தால் போதும்.

அடுத்து விலை. பொட்டலத்தில் எம்.ஆர்.பி. என்று அச்சிட்டிருப்பது அதிகபட்ச விலை. வரி எல்லாம் அதற்குள் அடக்கம். கடைக்காரர் அதற்குக் குறைத்து விற்கலாம், கூட்டி விற்கக் கூடாது. இங்கேயும் ரூபாய் எண் மட்டும் போதாது. ஒரு கணக்குப் பாருங்கள். ஒரு எண்ணெய் உறையில் 140 ரூபாய், 1 லிட்டர் என்று இருக்கிறது. இன்னொன்றில் 120 ரூபாய், 800 மி.லி. என்று இருக்கிறது. இரண்டாவது மலிவு போலத் தெரிகிறது. 1 லிட்டர் என்பது 1000 மி.லி. ஆகவே முதல் உறையில் 100 மி.லி. எண்ணெய் 14 ரூபாய். இரண்டாவதில் 15 ரூபாய். மலிவு என்று நினைத்தது விலை கூடியது.

பேருந்திலும் விலையிலும் தவறினால் நேரமும் காசும்தான் போகும். மருந்தில் அப்படி இல்லை. அதனால் அதைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று வயதுப் பேரனுக்குக் காலையிலிருந்து வயிற்றுப்போக்கு. அங்கன்வாடியில் கொடுத்த உப்புச் சர்க்கரைத் தூள் பொட்டலம் வீட்டில் இருக்கிறது. இதை ஓ.ஆர்.எஸ். என்று சொல்வார்கள். பாட்டி ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்தார். பொட்டலத்தைக் கிழிக்கப் போனார். மருமகள் படிப்பு வட்டத்துக்குப் போகிறவள். அவள் பொட்டலத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"அத்தை, கொஞ்சம் இருங்க. இதுல ஒண்ணுன்னு போட்டிருக்கு. பக்கத்துல லிட்டர்னு இருக்கு. முழு லிட்டர் தண்ணியில கலக்கணும்."

"ஒரு டம்ளர்ல கலந்தா கெட்டியா இருக்கும், சீக்கிரம் போக்கு நிக்கும்னு பார்த்தேன்மா."

பாட்டியின் நினைப்பு பல வீடுகளில் உண்டு. ஆனால் நடப்பது நேர்மாறு. ஒரு லிட்டருக்கான தூளை 200 மி.லி. டம்ளரில் கலந்தால் உப்பு ஐந்து மடங்கு ஆகிவிடும். அதிக உப்பு உடம்பில் இருக்கும் நீரை வெளியே இழுக்கும். குழந்தைக்குத் தாகம் கூடும், சோர்வு கூடும், உயிருக்கே ஆபத்தாகலாம். கலந்த நீரை முதலில் பெரியவர் ஒரு வாய் சுவைத்துப் பார்க்க வேண்டும். கண்ணீரைவிட உப்புக் கரித்தால் கொடுக்கக் கூடாது. கொட்டிவிட்டுப் புதுப் பொட்டலம் எடுக்க வேண்டும்.

கடைகளில் இரண்டு அளவில் பொட்டலம் கிடைக்கிறது. பெரியது சுமார் 21 கிராம், ஒரு லிட்டர் தண்ணீருக்கு. சின்னது சுமார் 4 கிராம், 200 மி.லி. தண்ணீருக்கு. சின்னதை ஒரு லிட்டரில் போட்டால் ஆபத்தான உப்பு இல்லை, ஆனால் வேண்டிய அளவு சத்தும் இல்லை. அதனால் 1 என்ற எண்ணா, 200 என்ற எண்ணா, பக்கத்தில் லிட்டரா, மி.லி.யா என்று இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெரிய பொட்டலத்தில் பாதியைப் போட்டுப் பாதியை மடித்து வைப்பதும் சரியல்ல. உப்பும் சர்க்கரையும் சமமாகப் பிரியாது.

இனி, ஒரு லிட்டரை எப்படி அளப்பது? கடையில் விற்கும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் நல்ல அளவு. அதைக் கழுவி வைத்துக்கொள்ளலாம். வீட்டு டம்ளரை நம்பக் கூடாது. ஒன்று 150 மி.லி. பிடிக்கும், ஒன்று 250 பிடிக்கும். பாட்டில் தண்ணீரை டம்ளரில் ஊற்றிப் பாருங்கள். சரியாக ஐந்து முறை நிரம்பினால் அது 200 மி.லி. டம்ளர்.

மருமகள் காய்ச்சி ஆறிய தண்ணீரைப் பாட்டில் நிறைய எடுத்தாள். சுத்தமான பாத்திரத்தில் ஊற்றி, முழுப் பொட்டலத்தையும் கலந்தாள். சர்க்கரையோ பாலோ சேர்க்கவில்லை. கலந்த பிறகு சூடாக்கவும் இல்லை. ஒவ்வொரு முறை பையன் வெளிக்குப் போன பின்னும் அரை டம்ளரிலிருந்து ஒரு டம்ளர் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாள். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தை என்றால் கால் டம்ளரிலிருந்து அரை டம்ளர் போதும். பையன் ஒரு முறை வாந்தி எடுத்தான். பத்து நிமிடம் பொறுத்து, மறுபடி கரண்டியால் மெதுவாகக் கொடுத்தாள். மறுநாள் காலையில் மிச்சம் இருந்ததைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்தாள். ஒரு நாளுக்கு மேல் அந்த நீரை வைக்கக் கூடாது.

பொட்டலத்தில் இன்னொரு இடத்தில் இரண்டு தேதிகள் இருக்கும். ஒன்று செய்த மாதம். மற்றது கெடு முடியும் மாதம். கெடுவுக்கு முன்னால் மூன்று பல் சீப்பு போல ஓர் எழுத்தும், அடுத்துப் பெருக்கல் குறி போல ஓர் எழுத்தும் இருக்கும். எழுத்து புரியாவிட்டால் பிந்திய தேதியே கெடு. 08/2027 என்றால் 2027 ஆகஸ்ட் மாதக் கடைசி நாள் வரை. மாத்திரை அட்டையிலும் இப்படித்தான். அதனால் தேதி இருக்கும் ஓரத்தை முதலில் கிழிக்காமல், மறுகோடியிலிருந்து மாத்திரையை எடுக்க வேண்டும்.

பெட்டியில் அடைத்து விற்கும் சில இனிப்பு பானங்களும் முன்பு ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் போட்டுக்கொண்டன. அவற்றில் சர்க்கரை அதிகம். 2025 அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பானங்களின் பெயரில் அந்த எழுத்துகளைப் போடக் கூடாது என்று உத்தரவிட்டது. வயிற்றுப்போக்குக்கு வேண்டியது மருந்துக் கடையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிடைக்கும் தூள் பொட்டலம். சுகாதார நிலையத்தில் அத்துடன் துத்தநாக மாத்திரையும் கொடுப்பார்கள். அது 14 நாளுக்கு. போக்கு மூன்றாம் நாளே நின்றாலும் 14 நாளும் கொடுக்க வேண்டும்.

மலத்தில் ரத்தம் வந்தாலோ, கண் குழி விழுந்தாலோ, குழந்தை குடிக்க முடியாமல் துவண்டு கிடந்தாலோ வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். வழியிலும் அந்த நீரைக் கரண்டியால் கொடுத்துக்கொண்டே போகலாம். காலிப் பொட்டலத்தையும் கையில் எடுத்துச் செல்ல வேண்டும். என்ன கொடுத்தீர்கள், எவ்வளவு தண்ணீரில் கலந்தீர்கள் என்று டாக்டர் கேட்பார்.