தண்ணீர் பச்சையானால் மீன் ஏன் சாகிறது?

(நிலாவெளியில் நடந்த தொழிலாளர் கல்வி முகாமில் ஆற்றிய உரை)



மலையிலிருந்து வந்த நீங்கள் இன்று கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறீர்கள். இங்கிருந்து தெற்கே, மூதூருக்குப் பக்கத்தில் கொட்டியாரக் குடாவில் மகாவலி கடலோடு சேர்கிறது. நானுஓயாவிலும் தலவாக்கலையிலும் நம் லயத்துக்குக் கீழே ஓடும் ஓடைத் தண்ணீர் கொத்மலை ஓயாவில் விழுந்து, அதன் வழியே மகாவலிக்குப் போகிறது. அந்த வழியில்தான் 1985இல் கட்டி முடித்த கொத்மலை நீர்த்தேக்கம் இருக்கிறது. 1991இல் அதன் தண்ணீர் பச்சைச் சாயம் ஊற்றியதுபோல் மாறியது. மைக்ரோசிஸ்டிஸ் என்ற நுண்ணிய நீலப்பச்சைப் பாசி பெருகியதே காரணம்.

பாசி ஏன் திடீரென்று பெருகுகிறது? அதற்கும் தேயிலையைப் போலவே உரம் வேண்டும். தண்ணீரில் பெரும்பாலும் பற்றாக்குறையாக இருப்பது பொசுபரசு. அது கிடைத்துவிட்டால் பாசிக்குத் தடையில்லை. 1973இல் கனடாவில் ஒரு ஏரியின் நடுவே திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். இரண்டு பக்கமும் நைதரசனும் காபனும் இட்டார்கள். ஒரு பக்கம் மட்டும் பொசுபரசும் சேர்த்தார்கள். அந்தப் பக்கம்தான் பச்சையானது.

ஒரு கிலோ பொசுபரசு 500 கிலோ வரை ஈரப்பாசியை வளர்க்கும். மரக்கறித் தோட்டத்துக்குப் போகும் 50 கிலோ ரி.எஸ்.பி. மூட்டையில் ஏறத்தாழ 10 கிலோ பொசுபரசு உண்டு. அதில் பத்தில் ஒரு பங்கு ஓடைக்குப் போனாலே அரைத் தொன் பாசிக்குத் தீனி. யூரியா தண்ணீரில் கரைந்து போகும். பொசுபரசோ மண்ணோடு ஒட்டிக்கொண்டு, மண் அரிக்கும்போது அதனுடன் போகும். நுவரெலியாச் சரிவுகளில் உருளைக்கிழங்கும் லீக்ஸும் கரட்டும் போடும் நிலத்தில் உரமும் கோழி எருவும் அதிகம், மண்ணை மூடும் செடி குறைவு. மழைக்காலத்தில் ஓடை செம்மண் நிறத்தில் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மண்ணோடுதான் உரமும் போகிறது. மலக்குழி ஒழுகினாலும் இதே சத்துத்தான் ஓடையில் சேரும்.

இனி மீனுக்கு வருவோம். பகலில் பாசி வெயிலில் ஒட்சிசனை வெளிவிடும். இரவிலோ அதுவே ஒட்சிசனை இழுத்துக்கொள்ளும். பாசி செத்து அடியில் படிந்தால் அதை அழுகவைக்கும் பற்றீரியாக்களும் ஒட்சிசனைத் தின்னும். தண்ணீர் சூடாக இருந்தால் அதில் தங்கும் ஒட்சிசனும் குறைவு: 20 பாகையில் லீற்றருக்கு 9 மில்லிகிராம், 30 பாகையில் ஏழரை. அது இரண்டு மூன்றுக்குக் கீழே இறங்கினால் பல மீன்கள் தாங்காது. ஒட்சிசன் மிகக் குறைவது விடியுமுன். அந்த நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சுக்குத் தவிப்பதைக் காணலாம். பலத்த காற்றோ குளிர்மழையோ வந்து அடித்தண்ணீர் மேலே புரண்டால் ஒரே இரவில் மீன்கள் செத்து மிதக்கும்.

மீன் செத்ததும் யாரோ நஞ்சு போட்டார்கள் என்று நாம் சண்டை பிடிப்பதுண்டு. வித்தியாசம் பார்க்க ஒரு வழி உண்டு. ஒட்சிசன் போனால் விடியற்காலையில், பெரும்பாலும் பெரிய மீன்கள் முதலில் சாகும். பூச்சிமருந்து கலந்தால் நேரம் காலம் இல்லை, சின்ன மீன்களும் முதலிலேயே போய்விடும். இது முழு நிச்சயமான சோதனை அல்ல. ஆனாலும் எத்தனை மணிக்கு, எந்த அளவு மீன், தண்ணீர் என்ன நிறம் என்று எழுதி வையுங்கள். பரிசோதிக்க வருபவருக்கு அது உதவும்.

தாய்மார் ஒன்றைக் கவனியுங்கள். மைக்ரோசிஸ்டிஸ் ஈரலைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கக்கூடியது. கொதிக்கவைத்தால் அந்த நஞ்சு அழியாது. பச்சை ஆடை படர்ந்த தண்ணீரைப் பிள்ளைக்கும் கொடுக்காதீர்கள், மாட்டுக்கும் காட்டாதீர்கள்.

அப்படியென்றால் உரமே வேண்டாமா? 2021இல் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியபோது கொழுந்து குறைந்ததை மறக்கவில்லை. கொழுந்து குறைந்தால் நம் பேரும் குறையும், சம்பளமும் குறையும். பிரச்சினை, உரம் செடிக்குப் போகாமல் ஓடைக்குப் போவதுதான். பெருமழை வரும் நாளில் உரம் போடச் சொன்னால் அது கம்பெனிக்கும் நட்டம். ஆகவே அடுத்த பேச்சுவார்த்தையில் தோட்ட நிர்வாகத்திடம் நாம் கேட்கவேண்டியவை மூன்று: மழை பார்த்து உரம் போடும் நாளை வைப்பது, கான்களை வெட்டி, மண் தங்கும் குழிகளைத் துப்புரவாக வைத்து, ஓடைக்கரையில் புல்லும் மரமும் விடுவது, லயங்களுக்கு ஒழுகாத மலசலகூடக் குழி கட்டுவது. மூன்றாவது நமக்கு எப்படியும் வரவேண்டிய உரிமை.

இவை நடந்தாலும் ஏரி அடுத்த வருடமே தெளிந்துவிடாது. அடிச்சேற்றில் சேர்ந்திருக்கும் பொசுபரசு, ஒட்சிசன் இல்லாதபோது மறுபடி தண்ணீருக்கு வரும். அதனால்தான் இனி ஒரு பிடி மண்ணும் ஓடைக்குப் போகாமல் பார்ப்பது அவசியமாகிறது.