டி.சி. எர்த் ஃபால்ட்: கசிவது எந்த ஃபீடர்?

நெய்வேலியில் ஐப்பசி மழை. சப்ஸ்டேஷனில் டி.சி. எர்த் ஃபால்ட் அலாரம் அடிக்குதுன்னு வெச்சுக்குவோம். 220 வோல்ட் பேட்டரியில் பாசிட்டிவ், நெகட்டிவ் ரெண்டுமே எர்த்துக்கு 110 கிட்ட காட்டணும். பாசிட்டிவ் 15, நெகட்டிவ் 205-ன்னு காட்டினா, கசியறது பாசிட்டிவ். இதோட எதுவும் ட்ரிப் ஆகாது. ஆனா ட்ரிப் காயிலுக்குப் போற ஒயரும் எர்த்தைத் தொட்டா, யாரும் சொல்லாமலே பிரேக்கர் திறந்துடும்.

அதனால ஒவ்வொரு ஃபீடரா ஆஃப் பண்ணி மீட்டரைப் பாருங்க. அசையலைன்னா உடனே திரும்பப் போட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க. லைட்டிங் முதல்ல; புரொடெக்‌ஷன் கடைசியில, அதுவும் அனுமதியோட. அது ஆஃப்ல இருக்கிற வரை அந்த லைனுக்குக் காவல் இல்லை. யார்டு ஃபீடரை எடுத்ததும் 110-க்குத் திரும்பினா, அங்கே மார்ஷலிங் பாக்ஸ்களை ஒவ்வொண்ணா பிரிச்சுப் பாருங்க. பெரும்பாலும் கேபிள் நுழையற இடத்துல தண்ணி இறங்கியிருக்கும். ரெண்டு பக்கமும் சப்ளை வர்ற ஃபீடர்தான் ஏமாத்தும். ஒரு பக்கம் மட்டும் எடுத்தா முள் அசையாது.