"உன்னைப் பிடிக்கும்"னு சொன்னா போதுமா?



எங்க குழுவில் எனக்கு ஒரு தோழி. 9 வருஷமா ஒண்ணா சேமிக்கிறோம், பேங்குக்கு ஒரே பஸ்ஸில் போவோம். "உன்னை எனக்கு ரொம்பப் பிடிக்கும்டி, உங்க தெருவுல மத்தவங்க மாதிரி நீ இல்ல" என்று அடிக்கடி சொல்வாள். நானும் பூரித்துப் போவேன்.

குழுக் கூட்டம் மாதம் ஒருத்தர் வீட்டில் நடக்கும். எங்க வீட்டுக்கு வந்தால் பாயில் உட்காருவாள், கணக்கு எழுதுவாள். டீ கொடுத்தால் மட்டும் "இப்பதான் குடிச்சிட்டு வந்தேன்" என்பாள். அவள் வீட்டில் கூட்டம் என்றால் எல்லாருக்கும் சில்வர் டம்ளர். எங்க தெரு பெண்கள் மூணு பேருக்கு மட்டும் பேப்பர் கப்.

அப்புறம்தான் யோசித்தேன். "மத்தவங்க" என்றால் யார்? என் அம்மா, என் நாத்தனார், எங்க தெரு ஜனம். என்னை மட்டும் தனியாகப் பிரித்துப் பிடிக்கும் என்கிறாள். எங்க சாதியைப் பற்றிய நினைப்பு அப்படியேதான் இருக்கு.

போன மாதம் நேராகவே கேட்டேன். "என்னைப் பிடிக்கும்னா எங்க வீட்டுத் தண்ணி ஏன் பிடிக்கல?" அவள் முகம் வாடிப்போச்சு. "எனக்கு ஒண்ணுமில்ல, வீட்டுல மாமியார் இருக்காங்க" என்றாள். அது முழுப் பொய்யும் இல்லை. ஆனால் எங்க வீட்டில் அவள் மாமியார் இல்லையே!

சண்டை போடலை. இப்பவும் ஒரே பஸ்ஸில்தான் போறோம். ஆனால் அந்த வார்த்தைக்கு நான் இப்போ பூரிப்பதில்லை, டம்ளரைத்தான் பார்க்கிறேன். அடுத்த கூட்டம் எங்க வீட்டில். அவளுக்கும் சேர்த்துத்தான் டீ போடுவேன்.