வயதை முதலில் கேட்க வேண்டாம்
மீள்குடியேறிய குடும்பங்களுக்கான தகவல் கூட்டத்தில் ஆற்றிய உரை



காணி உறுதி, வீட்டுத்திட்டம், கிணறு துப்பரவு ஆகியவற்றைப் பற்றி ஏற்கெனவே பேசியிருக்கிறோம். இன்றைக்கு, வேலை செய்தவர்களுக்கும் அவர்களுடைய குடும்பத்துக்கும் சேர வேண்டிய பணத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். எங்கள் பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் "பென்சன்" என்றுதான் சொல்கிறோம். ஆனால் அது இரண்டு வேறு விஷயங்கள். அரசாங்கத்தில் நிரந்தரமாக வேலை செய்தவருக்கு மாதாமாதம் வருவது ஓய்வூதியம். கடை, ஆலை, தனியார் நிறுவனம், கூட்டுறவுச் சங்கம் போன்ற இடங்களில் வேலை செய்தவருக்குச் சம்பளத்தில் வெட்டிச் சேர்த்த பணம் ஒரே தொகையாக வரும். அது ஊழியர் சேமலாப நிதி, அதாவது ஈ.பி.எப்.

எங்களிடம் வருகிறவர்களில் பலர் சொல்லும் வார்த்தை ஒன்றுதான்: "அவருக்கு 55 வயது ஆகவில்லை, பத்து வருஷமும் வேலை செய்யவில்லை. அதனால் ஒன்றும் கிடைக்காது என்று விட்டுவிட்டோம்." இதில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. பத்து வருஷம் என்பது அரசாங்க ஓய்வூதியத்தின் கணக்கு, அதைச் சேமலாப நிதிக்குப் போட்டுப் பார்க்கிறார்கள். 55 வயது என்பது ஆண்களுக்கான பொது விதி. அந்த விதிக்கு முன்னால் பார்க்க வேண்டிய விசேட நிலைமைகள் இருக்கின்றன, அவற்றை ஒருவரும் பார்ப்பதில்லை. ஆகவே கேள்விகளைச் சரியான ஒழுங்கில் கேட்டுப் பழகுவோம்.

முதலில் சேமலாப நிதி.

முதலாவது கேள்வி: விசேட நிலைமை ஏதாவது இருக்கிறதா? உறுப்பினர் இறந்துவிட்டாரா? இறந்திருந்தால் அவர் எந்த வயதில் இறந்தாலும் பணம் அவர் பெயர் குறித்து வைத்தவருக்கோ, அப்படி யாரும் இல்லாவிட்டால் சட்டப்படி உரித்தாளிகளுக்கோ சேரும். உயிருடன் இருக்கிறார், ஆனால் காயத்தாலோ நோயாலோ இனி ஒருபோதும் வேலை செய்ய முடியாத நிலையா? அப்படியானால் மருத்துவச் சான்றுடன் இப்போதே கேட்கலாம். ஒரு பெண் கல்யாணத்துக்காக வேலையை விட்டாரா? அதுவும் தனியான காரணம், 50 வயது வரை காத்திருக்கத் தேவையில்லை. வெளிநாட்டில் நிரந்தரமாகக் குடியேறப் போகிறவருக்கும், ஓய்வூதியம் உள்ள அரசாங்க வேலைக்கு மாறியவருக்கும் இதே போல வழி உண்டு. இவற்றில் ஒன்றுக்கு "ஆம்" என்று பதில் வந்தால் அதோடு வயதுக் கேள்வி முடிந்துவிட்டது. அதைக் கேட்கவே வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் "இல்லை" என்றால்தான் இரண்டாவது கேள்வி: வயது. ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50. அந்த வயதுக்கு வந்து வேலையிலிருந்து நின்றவர் முழுப் பணத்தையும் எடுக்கலாம். இங்கே சேவைக்காலத்துக்குக் குறைந்தபட்ச அளவு கிடையாது. இரண்டு வருஷம் வேலை செய்தவருக்கு இரண்டு வருஷத்துப் பணமும் வட்டியும் இருக்கும், அவ்வளவுதான். பத்து வருஷம் என்ற எண் சேமலாப நிதியில் வருவது ஒரே ஓர் இடத்தில். இப்போதும் வேலையில் இருப்பவர் வீடு, வைத்தியம் போன்ற தேவைக்காக 30 சதவீதத்தை முன்கூட்டியே எடுக்க விரும்பினால், பத்து வருஷப் பங்களிப்பும் கணக்கில் குறைந்தது 300,000 ரூபாவும் இருக்க வேண்டும்.

மூன்றாவது கேள்வி: பங்களிப்புப் பதிவு. முதல் இரண்டு கேள்விகளும் "கிடைக்குமா" என்பதைச் சொல்கின்றன. "எவ்வளவு" என்பதைச் சொல்வது இந்தப் பதிவு. இதை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம்.

சம்பூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கணவர் திருகோணமலை நகரத்தில் ஒரு கடையில் 1999 ஜனவரியில் வேலைக்குச் சேர்ந்தார். 2006 ஜூன் வரை, அதாவது ஏழரை வருஷம், 90 மாதம் வேலை செய்தார். அந்த வருஷம் குடும்பத்தோடு இடம்பெயர்ந்தார். 2009இல் முகாமில் இருந்தபோது நோய் வந்து இறந்தார். அப்போது அவருக்கு 38 வயது. மனைவியும் "வயதும் இல்லை, பத்து வருஷமும் இல்லை" என்று நினைத்து அந்தப் பணத்தை மறந்துவிட்டார். ஊருக்குத் திரும்பிப் பெட்டியைத் துப்பரவாக்கியபோது பழைய சம்பளச் சிட்டைகள் சில கிடைத்தன.

இப்போது எங்கள் ஒழுங்கில் கேட்போம். விசேட நிலைமை உண்டா? உண்டு, உறுப்பினர் இறந்துவிட்டார். ஆகவே வயதைப் பார்க்க வேண்டியதில்லை. சேவைக்காலம்? சேமலாப நிதிக்கு அந்தத் தடையே இல்லை. மிச்சம் இருப்பது பதிவு மட்டும்தான்.

கணக்கை இலகுவாக்க, சம்பளம் முழுக் காலமும் 6,000 ரூபா என்று வைப்போம். தொழிலாளியின் சம்பளத்தில் 8 சதவீதம் வெட்டப்படும், அது 480 ரூபா. முதலாளி தன் பங்காக 12 சதவீதம் போட வேண்டும், அது 720 ரூபா. மாதம் 1,200 ரூபா. 90 மாதத்துக்கு 108,000 ரூபா. இது வட்டி சேர்க்காத கணக்கு. பணம் எடுக்கப்படாமல் கிடந்த வருஷங்களுக்கும் வட்டி சேர்ந்துகொண்டே இருக்கும்.

தொழில் அலுவலகத்தின் ஊடாகக் கணக்கைப் பார்த்தபோது 1999 ஜனவரி முதல் 2003 டிசம்பர் வரை 60 மாதத்துப் பணம் மட்டும் பதிவாகியிருந்தது, 72,000 ரூபா. கடைசி 30 மாதத்துக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அவர் வைத்திருந்த சிட்டைகளில் ஒன்று 2005ஆம் ஆண்டுக்கு உரியது. அதில் 480 ரூபா வெட்டப்பட்டிருக்கிறது. இதுதான் கவனிக்க வேண்டிய அடையாளம்: சிட்டையில் வெட்டு இருக்கிறது, பதிவில் மாதம் இல்லை. அப்படியானால் பணம் கையிலிருந்து எடுக்கப்பட்டிருக்கிறது, நிதிக்குப் போய்ச் சேரவில்லை. விடுபட்ட தொகை 36,000 ரூபா. அதில் 14,400 ரூபா அந்த மனிதருடைய சொந்தச் சம்பளம்.

இந்த இடத்தில் பலர் இருக்கிற 72,000 ரூபாவை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். அவசரத் தேவை இருந்தால் அதை எடுப்பதில் பிழையில்லை. ஆனால் விடுபட்ட மாதங்களுக்கான முறைப்பாட்டையும் அதே நாளில் எழுத்தில் கொடுங்கள். முதலாளியிடமிருந்து அந்தப் பணத்தை மேலதிகக் கட்டணத்தோடு அறவிடத் தொழில் திணைக்களத்துக்கு அதிகாரம் இருக்கிறது. சிட்டை, நியமனக் கடிதம், கூட வேலை செய்தவரின் கடிதம், எது கிடைத்தாலும் பிரதியை இணையுங்கள். மூலத்தைக் கையில் வைத்திருங்கள். கடை மூடப்பட்டிருந்தால் அறவிடுவது கஷ்டம்தான், ஆனாலும் முறைப்பாடு பதிவில் இருக்கட்டும்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். ஊழியர் நம்பிக்கை நிதி, ஈ.ரி.எப், வேறொரு நிதி. அதற்கு முதலாளி மட்டும் 3 சதவீதம் போடுவார். இந்தக் குடும்பத்தின் கணக்கில் மாதம் 180 ரூபா, 90 மாதத்துக்கு 16,200 ரூபா. அதற்கு வேறு சபை, வேறு விண்ணப்பம். ஒன்றுக்கு விண்ணப்பித்தால் மற்றது தானாக வராது.

சேமலாப நிதியில் உறுப்பினர் தானே கேட்கும் படிவம் வேறு, இறந்தவரின் பணத்தைக் கேட்கும் படிவம் வேறு. தொழில் அலுவலகத்தில் எது என்று சொல்லி வாங்குங்கள். உறுப்பினர் இலக்கம் தெரியாவிட்டால் அடையாள அட்டை இலக்கத்தையும் வேலை செய்த இடத்தின் பெயரையும் சொல்லித் தேடச் சொல்லுங்கள். எங்கள் ஆட்களுக்கு அடிக்கடி வரும் சிக்கல் பெயர். அடையாள அட்டையில் ஒரு விதமாகவும், பிறப்புச் சான்றிதழில் இன்னொரு விதமாகவும், முதலாளியின் ஏட்டில் மூன்றாவது விதமாகவும் இருக்கும். மூன்றும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன்னால் சத்தியக்கடதாசி முடித்து, கிராம அலுவலரின் கடிதத்தோடு கொண்டுபோனால் வீண் அலைச்சல் குறையும்.

இங்கே இருக்கிற சிலருக்கு "இறந்துவிட்டாரா" என்ற கேள்வியே கேட்கக் கூடாத கேள்வி என்பது எனக்குத் தெரியும். காணாமற்போனவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்க 2010ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. பல குடும்பங்கள் அதை விரும்பவில்லை. 2016இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, மரணம் என்று சொல்லாமல், அவர் காணாமற்போனவர் என்று மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழும் வந்திருக்கிறது. அதை எடுப்பதால் அவர் இறந்துவிட்டார் என்று நீங்கள் ஒப்புக்கொண்டதாக ஆகாது. எந்தப் பணத்துக்கு எந்தச் சான்றிதழ் போதும் என்பதை விண்ணப்பம் நிரப்புவதற்கு முன்னமே அந்தந்த அலுவலகத்தில் கேளுங்கள். மரணச் சான்றிதழ் எடுப்பதா இல்லையா என்பது உங்கள் குடும்பத்தின் முடிவு. அதை அவசரப்படுத்த யாருக்கும் உரிமையில்லை.

இனி அரசாங்க வேலை. ஆசிரியர், தபால், ஆஸ்பத்திரி, கச்சேரி ஊழியர்களின் குடும்பங்கள் கவனியுங்கள். இங்கேயும் அதே ஒழுங்குதான்.

முதலில் நியமனக் கடிதத்தை எடுங்கள். "நிரந்தரமானது, ஓய்வூதியத்துக்கு உரியது" என்று அதில் இருக்கிறதா? இல்லாவிட்டால், உதாரணமாக அமைய வேலை அல்லது ஒப்பந்த வேலை என்றால், நீங்கள் தேட வேண்டியது சேமலாப நிதியாக இருக்கலாம்.

அடுத்து விசேட நிலைமைகள். உத்தியோகத்தர் சேவையில் இருக்கும்போது இறந்தாரா? அப்படியானால் அவருக்கு எத்தனை வருஷம் என்று எண்ணிப் பார்த்துக் கைவிடாமல், சம்பளச் சிட்டையில் விதவைகள் அநாதைகள் ஓய்வூதியத்துக்கான கழிவும் அதன் இலக்கமும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதுதான் உங்கள் திறப்பு, அதைப் பிரதேச செயலகத்துக்குக் கொண்டுபோங்கள். நோயால் வேலையை விட்டவரா? மருத்துவச் சபையின் அறிக்கை வேண்டும். இடம்பெயர்ந்த காலத்தில் கடமைக்குப் போக முடியாமல், சேவையைக் கைவிட்டவர் என்று கடிதம் வந்ததா? இதை மறைக்கவே வேண்டாம். அந்தக் கடிதம் அப்படியே நின்றால் ஓய்வூதிய உரிமை போய்விடும். முதலில் அதற்கு மேன்முறையீடு செய்யுங்கள். அந்த நாட்களில் நீங்கள் எந்த முகாமில் இருந்தீர்கள் என்பதற்கான பதிவைச் சேர்த்துக் கொடுங்கள். வருஷக் கணக்கு அதற்குப் பிறகு.

அதன் பின்புதான் பத்து வருஷம். பொதுவாக பத்து வருஷச் சேவை இருந்தால்தான் மாத ஓய்வூதியம். அதை எண்ணும்போது சம்பளமற்ற லீவைக் கழித்துவிட வேண்டும். பத்து வருஷம் இரண்டு மாதம் என்று நம்பியிருப்பவருக்கு மூன்று மாதச் சம்பளமற்ற லீவு இருந்தால் அவர் கோட்டுக்கு வெளியே போய்விடுவார். ஆகவே சுயவிபரக் கோவையில் லீவு எப்படிப் பதிந்திருக்கிறது என்று பாருங்கள். சில இடங்களில் சம்பளத்தோடு கொடுத்த லீவு தவறாகப் பதியப்பட்டிருக்கும். கடைசியாக வயது: தானாக விரும்பி ஓய்வு பெற 55.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். பழைய பெட்டி, பைபிள் அல்லது தேவாரப் புத்தகம், அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்த பொலித்தீன் பை, எல்லாவற்றையும் பாருங்கள். மஞ்சளாகிப்போன சம்பளச் சிட்டை ஒன்று கிடைத்தாலும் எறியாதீர்கள். அடுத்த புதன்கிழமை எங்கள் நடமாடும் சேவை இதே மண்டபத்துக்கு வரும். கிடைத்ததை அப்படியே கொண்டுவாருங்கள். முதல் கேள்வியிலிருந்து சேர்ந்து தொடங்குவோம்.