பத்து வருஷ கேரண்டி என்றால் என்ன?

(டிரஸ்டின் குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வெளிநாட்டில் உழைத்துத் திரும்பியவர்களின் வீட்டுக்கும், கணவரை இழந்து கையில் ஒரு தொகையோடு இருக்கும் சகோதரிகளின் வீட்டுக்கும் இப்போது பென்ஷன் பாலிசி விற்க அடிக்கடி ஆள் வருகிறார்கள். காகிதத்தில் இதற்கு அனுயிட்டி என்று பெயர். மொத்தமாக ஒரு தொகையை இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கொடுத்துவிட்டால், மாதமோ வருஷமோ ஒரு தொகை உயிர் உள்ளவரை வந்துகொண்டிருக்கும். மார்க்கத்தில் இது கூடுமா என்ற கேள்வியை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். இன்று நாம் பார்க்கப் போவது, விற்பவர் வாயால் சொல்வதற்கும் காகிதத்தில் இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். புரிவதற்காக நாமே வைத்துக்கொண்ட எண்கள் இவை. உண்மையான விகிதம் வயதையும் கம்பெனியையும் வாங்கும் நாளையும் பொறுத்து மாறும். கணவருக்கு 60 வயது, மனைவிக்கு 52. கையில் 10 லட்சம் ரூபாய். ஏஜென்ட் சொல்கிறார்: "வருஷத்துக்கு 80,000 ரூபாய். அதாவது எட்டு சதவீதம். பத்து வருஷம் கேரண்டி."

முதலில் அந்த எட்டு சதவீதத்தைப் பார்ப்போம். பாங்கில் எட்டு சதவீதம் என்றால் முதல் அப்படியே இருக்கும், மேலே எட்டு வரும். இந்தப் பாலிசியில் முதல் திரும்பி வராது. வருகிற 80,000-ல் ஒரு பகுதி நாம் கொடுத்த பணமே. பன்னிரண்டரை வருஷம் வாங்கினால்தான் நம்முடைய 10 லட்சம் நம் கைக்கு வந்து சேரும். அதற்குப் பிறகு வருவதுதான் மிச்சம். நீண்ட காலம் வாழ்பவருக்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் அதை பாங்க் விகிதத்தோடு ஒப்பிட்டுச் சொல்வது சரியல்ல.

அடுத்தது அந்தக் கேரண்டி. பத்து வருஷம் கழித்து முதல் திரும்பி வரும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. பத்து வருஷத்துக்குப் பிறகு பென்ஷன் நின்றுவிடும் என்று பயப்படுகிறவர்களும் உண்டு. அதுவும் இல்லை. அவர் உயிரோடு இருக்கும்வரை வரும். கேரண்டி காலம் என்பதன் பொருள் இவ்வளவுதான்: அந்தப் பத்து வருஷத்துக்குள் அவர் இறந்தால், மீதி வருஷங்களுக்கான தொகை நாமினிக்கு வரும்.

நான்கு வருஷம் வாங்கிவிட்டு அவர் காலமாகிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவர் வாங்கியது 3,20,000. மீதி ஆறு வருஷத்துக்கு மனைவிக்கு வருவது 4,80,000. மொத்தம் 8 லட்சம். கொடுத்தது 10 லட்சம். கேரண்டி முழுவதும் கிடைத்தும் இரண்டு லட்சம் குறைகிறது. இன்னொன்று: அவர் 71 வயதில், பதினோரு வருஷம் வாங்கிய பிறகு இறக்கிறார். கேரண்டி காலம் முடிந்துவிட்டது. 63 வயதில் நிற்கும் மனைவிக்கு ஒரு ரூபாய் பென்ஷனும் இல்லை, முதலும் இல்லை.

இந்தக் குடும்பம் கேட்க வேண்டியது வேறு. "இருவர் ஆயுள்" என்ற வகையில், கணவருக்குப் பின் மனைவிக்கும் பென்ஷன் உயிர் உள்ளவரை வரும். "கொள்முதல் விலை திரும்ப" என்ற வகையில், இறந்த பிறகு போட்ட தொகை வாரிசுக்கு வரும். இரண்டும் சேர்ந்த வகையும் உண்டு. இவற்றில் ஆண்டுத்தொகை குறையும்; நம் கணக்கில் 80,000 என்பது 72,000 ஆகலாம், 64,000 ஆகலாம். அந்தக் குறைவுதான் மனைவியின் பாதுகாப்புக்கு நாம் கொடுக்கும் விலை. ஏஜென்ட் பெரிய எண்ணைக் காட்டும்போது, "இது எந்த வகை? நான் போனபின் என் வீட்டில் இருப்பவருக்கு என்ன வரும்?" என்று கேளுங்கள். பாலிசி நடைமுறைக்கு வந்தபின் வகையை மாற்ற முடியாது.

கட்டணம் எங்கே என்று கேட்பீர்கள். உடனடி பென்ஷன் பாலிசியில் கட்டணம் என்று தனி வரி பெரும்பாலும் இருக்காது. கம்பெனியின் செலவும் ஏஜென்டின் கமிஷனும் அந்த விகிதத்துக்குள்ளேயே கழிக்கப்பட்டிருக்கும். ஆகவே ஒரே தொகைக்கு, ஒரே வகைக்கு, இரண்டு மூன்று கம்பெனிகளின் ஆண்டுத்தொகையை எழுதி வாங்கி ஒப்பிடுவதுதான் வழி. பங்குச் சந்தையோடு இணைந்த பென்ஷன் பாலிசி என்றால் கட்டணங்கள் தனித்தனியாக இருக்கும். நிதி நிர்வாகக் கட்டணம் மட்டும் வருஷத்துக்கு 1.35 சதவீதம் வரை போகலாம்.

அடிக்கடி காதில் விழும் மூன்று வாக்குறுதிகளைச் சொல்கிறோம்.

"பதினொரு சதவீத பென்ஷன்." இது பெரும்பாலும் காத்திருந்து வாங்கும் பாலிசி. 10 லட்சம் போட்டுப் பத்து வருஷம் ஒன்றும் வாங்காமல் இருந்தால், பிறகு வருஷம் 1,10,000 வரும் என்பார்கள். இருபது வருஷத்தையும் சேர்த்துப் பார்த்தால் வந்தது 11 லட்சம். வருஷத்துக்குச் சராசரி 55,000, அதாவது ஐந்தரை சதவீதம்.

"வரியே கிடையாது." வருகிற ஆண்டுத்தொகை உங்கள் வருமானத்தோடு சேர்த்து வரிக்கு உட்பட்டது.

"ஒரே தடவை கட்டினால் போதும், எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம்." வாங்கிய பாலிசியில் "பிரீமியம் செலுத்தும் காலம் 10 வருஷம்" என்று இருந்தால், அது வருஷா வருஷம் கட்ட வேண்டிய வேறு பாலிசி. இடையில் எடுப்பதும் எல்லா வகையிலும் முடியாது. முதல் திரும்பாத வகையில் பெரும்பாலும் சரண்டரே இல்லை. மற்ற வகைகளில் இருந்தாலும் கழிவு உண்டு.

கையெழுத்துப் போடும் முன் பலன் விளக்கப் பட்டியலை வாங்கி, ஏஜென்டும் அதில் கையெழுத்திடச் சொல்லுங்கள். அவர் வாயால் சொன்னதை ஒரு வெள்ளைத் தாளிலோ வாட்ஸ்அப்பிலோ எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அதுவே பதில். கம்பெனியிலிருந்து சரிபார்க்கும் போன் வரும்போது "எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று சொல்லுங்கள்" என்று யாராவது சொல்லிக்கொடுத்தால், அங்கேயே நிறுத்துங்கள். அந்தப் பதிவுதான் பின்னால் உங்களுக்கு எதிராக வரும் சாட்சி.

பாலிசி கைக்கு வந்ததும் அலமாரியில் வைக்காதீர்கள். வந்த நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றிலிருந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் பணம் திரும்ப வரும். முத்திரைச் செலவும், அதற்குள் பென்ஷன் வந்திருந்தால் அதுவும் மட்டும் கழியும். முதல் பக்கத்தில் நான்கு விஷயங்களைப் பாருங்கள்: எந்த வகை, எத்தனை தடவை பிரீமியம், பென்ஷன் எந்தத் தேதியிலிருந்து, இறந்தபின் யாருக்கு என்ன.

அந்த 30 நாள் தாண்டிவிட்டால் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 155255 என்ற இலவச எண்ணிலும், இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா தளத்திலும் புகாரைப் பதியலாம். கம்பெனி ஒரு மாதத்தில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ, ஒரு வருஷத்துக்குள் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். 50 லட்சம் வரையான விவகாரத்தை அவர் விசாரிப்பார். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. ஏஜென்ட் எழுதித் தந்த அந்தத் தாள் அங்கேதான் உதவும்.

யாராவது பென்ஷன் பாலிசிக்குக் காகிதம் கொடுத்திருந்தால், கையெழுத்துக்கு முன் நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு எடுத்து வாருங்கள். கூடவே உட்கார்ந்து வாசித்துச் சொல்கிறோம். வரும்போது மனைவியையும் அழைத்து வாருங்கள். நாளை அந்தப் பாலிசியை நம்பி இருக்கப் போகிறவர் அவர்தான். வஸ்ஸலாம்.